அரசியல் நிர்ணய சபை விவாதங்களுக்குக் குறிச்சொல்லும் ஒருவரி விவரமும் சேர்த்த செய்முறை

அரசியல் நிர்ணய சபையின் விவாதப் பதிவுகளுக்குத் தமிழில் ஒரு தேடுபட்டியல் அமைக்கும் வேலை இப்போதுதான் பயன்படும் நிலைக்கு வந்திருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலரும் ஒரு மூத்த வழக்கறிஞரும் நானும் சேர்ந்து செய்தது இது. 1946 டிசம்பர் 9 அன்று கூடிய முதல் அமர்விலிருந்து அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26 வரை அந்தச் சபையில் பேசப்பட்டவை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பதிவாகி, பதினொரு தொகுதிகளாக அச்சில் உள்ளன, இணையத்திலும் கிடைக்கின்றன. படிக்கக் கிடைப்பதில் சிக்கல் இல்லை, வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். முழு நாள் அமர்வு ஒன்றின் பதிவு இருபதாயிரம் சொற்களை எளிதாகத் தாண்டும். அதற்குள் எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவு பேசப்பட்டது, யார் எந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார், அது என்ன ஆயிற்று என்பதைத் தமிழில் ஒரு வரியாகக் காட்ட வேண்டும். அதற்கு வழிகாட்டும் குறிச்சொற்களும் வேண்டும் என்பதே எங்கள் நோக்கமாக இருந்தது.

வரிகளின் முதல் வரைவை எழுத, சொந்தக் கணினியிலேயே இயங்கும் சிறிய மொழி மாதிரி ஒன்றைப் பயன்படுத்தினோம். பைத்தானில் எழுதிய சில சிறு நிரல்களும், எஸ்கியூலைட் தரவுத்தளமும், சரிபார்ப்பதற்கு ஒரு விரிதாளும் இருந்தன. வேறு எதையும் வாங்கவில்லை. பதினாறு ஜிபி நினைவகம் கொண்ட கணினியை இரவில் ஓடவிட்டால், காலையில் ஒரு தொகுதியின் பெரும்பகுதிக்கு வரைவு வரிகள் ஆயத்தமாக இருக்கும். மின்சாரச் செலவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உண்மையான செலவு மனித நேரம்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எதை ஒரு பதிவு என்று கொள்வது

குறிச்சொல் எழுதத் தொடங்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. ஒரு நாள் அமர்வை ஒரு பதிவாகக் கொண்டால், பெரும்பாலான நாள்களுக்குப் பத்துப் பதினைந்து குறிச்சொற்கள் ஒட்டிக்கொள்ளும். தேடுபவர் சரியான நாளைக் கண்டுபிடித்த பிறகும் அறுபது பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு உரையையும் தனிப் பதிவாக வைத்தால், “நான் இந்தத் திருத்தத்தை ஆதரிக்கிறேன்” என்ற இரண்டு வரிப் பேச்சுகூட ஒரு விவரம் கேட்கும். அந்தப் பேச்சு எந்தத் திருத்தத்தைப் பற்றியது என்ற செய்தியோ முந்தைய பதிவில் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே, ஓர் அலுவலை ஒரு பதிவாகக் கொள்வது பொருந்தியது. ஒரு பிரிவை விவாதத்துக்கு எடுப்பதிலிருந்து அதன் மேல் முடிவெடுப்பது வரை ஓர் அலுவல். அவைத் தலைவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் பேசியிருப்பது இதற்குப் பெரிதும் உதவியது. ஒரு பிரிவு அரசமைப்பின் பகுதியாக அமைய வேண்டும் என்பதே தீர்மானம் என்று சொல்லித் தொடங்குவார். வாக்கெடுப்புக்குப் பின், திருத்தம் நிராகரிக்கப்பட்டது என்றோ, பிரிவு அரசமைப்பில் சேர்க்கப்பட்டது என்றோ பதிவு முடியும். இந்த வாய்பாடுகளைத் தேடும் சில வரிகளே அலுவல்களின் எல்லைகளைப் பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிட்டன.

```python
OUTCOME = [
  (r"was (adopted and )?added to the Constitution", "ஏற்பு"),
  (r"The amendment was negatived", "திருத்தம் நிராகரிப்பு"),
  (r"(held|stand) over", "ஒத்திவைப்பு"),
]
```

ஆனால், ஓர் அலுவல் ஒரே நாளில் முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் வரைவுப் பிரிவு 15, 1948 டிசம்பர் 6 அன்று விவாதிக்கப்பட்டு, அம்பேத்கரின் வேண்டுகோளின் பேரில் ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 13 அன்றுதான் வாக்கெடுப்புக்கு வந்தது. இடைப்பட்ட நாள்களில் வேறு பிரிவுகள் பேசப்பட்டன. இரண்டையும் ஒரே பதிவாக ஒட்டினால் நாள் வரிசை குலைகிறது. அதனால் பதிவுகளைத் தனித்தனியாகவே வைத்து, ‘தொடர்ச்சி’ என்ற ஒரு புலத்தில் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் எழுதினோம். மொழி மாதிரியின் ஒரு குணத்தைக் கண்டுபிடிக்க இந்தப் பிரிப்பே பின்னர் உதவியது.

எண்கள் செய்த குழப்பம்

இந்தத் தொகுப்பில் குறிச்சொல் எழுதுவோர் எல்லாரும் கட்டாயம் மாட்டிக்கொள்ளும் இடம் பிரிவு எண்தான். முதல் சுற்றில், உரையில் எந்த எண் இருந்ததோ அதையே குறிச்சொல்லாக எடுத்தோம். இயல்பான வழி அது. முதலில் எடுத்த தொகுதியின் குறிச்சொற்கள் ஆயத்தமானதும் எங்கள் வழக்கறிஞர் சில தேடல்களைச் செய்து பார்த்தார்.

“தம்பி, பிரிவு 32 என்று தேடினால் வேலை பெறும் உரிமை வருகிறது. உச்ச நீதிமன்றத்தை அணுகும் உரிமை எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

“அது 25 என்ற எண்ணுக்குக் கீழே இருக்கிறது, சார்.”

“இன்றைக்கு 25 என்றால் மதச் சுதந்திரம். இப்படி இருந்தால் இதை யார் பயன்படுத்துவார்கள்?”

காரணம் எளியது. 1948 பிப்ரவரியில் வெளியான வரைவு அரசமைப்பில் 315 பிரிவுகள் இருந்தன. இறுதிச் சட்டத்தில் 395. விவாதத்தின்போது பிரிவுகள் சேர்க்கப்பட்டன, நீக்கப்பட்டன, இடம் மாற்றப்பட்டன. எல்லாம் முடிந்த பிறகே வரைவுக் குழு மொத்தத்துக்கும் புதிய எண் இட்டது. அதனால் இன்றைய பிரிவு 32, அவையில் பேசப்பட்டபோது 25. அன்றைய 32, இன்றைய 41. தீண்டாமை ஒழிப்பு இன்று 17, அன்று 11. அன்றைய 17 மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடுப்பது. இன்று அது 23. பாகுபாடு கூடாது என்ற இன்றைய 15, அன்று 9. உயிருக்குப் பாதுகாப்பு தரும் இன்றைய 21, அன்று 15. அன்றைய 21, குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்தக் கட்டாயப்படுத்துவதைப் பற்றியது; இன்று அது 27. ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணும் இன்னொரு பொருளைச் சுட்டுவதால், தவறான முடிவும் சரியானதைப் போலவே தோன்றும். ஒன்றுமே வராமல் போவதைக் காட்டிலும் இது கெடுதலானது. ஏனெனில், தேடியவர் தனக்குக் கிடைத்ததை நம்பிவிடுவார்.

பிரிவு 370 என்று தேடினால் வேறு விதமான சிக்கல் எழும். ஜம்மு காஷ்மீர் பற்றிய அந்தப் பிரிவை கோபாலசாமி அய்யங்கார் 1949 அக்டோபர் 17 அன்று முன்வைத்தபோது அதன் எண் 306-ஏ. அந்த நாளின் உரையைச் சொல்லுக்குச் சொல் தேடினாலும் 370 கிடைக்காது.

இதற்கு வரைவு எண்ணை இறுதி எண்ணாக மாற்றும் அட்டவணை ஒன்று போதும் என்று முதலில் தோன்றியது. அது போதவில்லை. மூன்று எண் முறைகள் இந்தத் தொகுப்புக்குள் இருக்கின்றன. 1947 ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை சபை விவாதித்தது பிரிவுகளை அல்ல, குழு அறிக்கைகளின் கூறுகளை. அடிப்படை உரிமைகள் பற்றிய இடைக்கால அறிக்கைக்குத் தனி வரிசை, மாகாண அரசமைப்பு அறிக்கைக்குத் தனி வரிசை, ஒன்றிய அரசமைப்பு அறிக்கைக்குத் தனி வரிசை என்பதால், ‘கூறு 6’ என்றால் எந்த அறிக்கையின் கூறு என்று கேட்க வேண்டியிருக்கிறது. தீண்டாமை ஒழிப்பு 1947 ஏப்ரல் 29 அன்று ஏற்கப்பட்டது முதல் அறிக்கையின் கூறு 6 ஆகத்தான். 1948 நவம்பரிலிருந்து 1949 அக்டோபர் 17 வரை வரைவு எண்கள். 1949 நவம்பர் 14 அன்று கூடிய கடைசிக் கூட்டத்தொடரில் புதிய எண்கள். அந்தக் கூட்டத்தொடரின் உரைகளுக்கு வரைவு அட்டவணையைப் போட்டால், சரியான எண்ணைத் தவறான எண்ணாக நாமே மாற்றிவிடுவோம்.

ஆகவே எண்ணுக்குப் பொருள் தருவது நாள். நிரலில் இதை இப்படி வைத்தோம்:

```python
ERAS = [
  ("1947-04-28", "1947-08-30", "clause"),
  ("1948-11-04", "1949-10-17", "draft"),
  ("1949-11-14", "1949-11-26", "final"),
]
```

அட்டவணையை எண்ணைப் பார்த்து அல்லாமல் வாசகத்தைப் பார்த்துக் கட்டினோம். வரைவுப் பிரிவின் சொற்களையும் இறுதிப் பிரிவின் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்திருப்பதைக் கணினி முன்மொழிய, ஒருவர் படித்து உறுதி செய்தார். ஒன்றுக்கு ஒன்று என்று அமையாத இடங்களுக்காக அட்டவணையில் ஒரு வரைவு எண்ணுக்குப் பல இறுதி எண்களைத் தரும் வசதி வேண்டும். வரைவுப் பிரிவு 23, சிறுபான்மையினரின் பண்பாட்டு, கல்வி உரிமைகளைச் சொல்வது. அது இறுதியில் 29, 30 என இரண்டாகப் பிரிந்தது. வணிகச் சுதந்திரம் பற்றிய வரைவுப் பிரிவு 16 அடிப்படை உரிமைகளிலிருந்தே வெளியேறி 301 ஆயிற்று. அடிப்படை உரிமை என்ற குறிச்சொல்லை அந்த விவாதத்துக்குத் தருவதா வேண்டாமா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசினோம். அன்று அவையில் அது அடிப்படை உரிமையாகவே பேசப்பட்டதால் தருவது என்று முடிவு செய்தோம். வேறு யாரேனும் செய்தால் வேறு விதமாக முடிவெடுக்கலாம். ஆனால் முடிவை எழுதி வைக்காவிட்டால் அடுத்த பதிவில் மாறிவிடும்.

இப்போது ஒவ்வொரு பதிவிலும் ‘பேசப்பட்ட எண்’, ‘இன்றைய எண்’ என இரண்டு புலங்கள் இருக்கின்றன. தேடுபவர் 32 என்று இட்டால் இன்றைய எண்ணில் முதலில் பார்க்கும்; அன்றைய 32 அதன் கீழே, அது வரைவு எண் என்ற குறிப்புடன் வரும்.

வரியை எழுதுதல்

மொழி மாதிரிக்கு ஓர் அலுவலின் உரையைக் கொடுத்து ஒரு வரி விவரம் கேட்டால், முதலில் கிடைப்பது இந்த மாதிரி வரி: ‘இந்த அமர்வில் தனிமனித உரிமைகள் குறித்து உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர்.’ இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான அலுவல்களுக்கு இதே வரியை ஒட்டலாம். ஒரு வரி நல்லதா என்று பார்க்க நாங்கள் வைத்த சோதனை, அந்த வரியை மட்டும் படித்த ஒருவர் பக்கத்துப் பதிவிலிருந்து இதைப் பிரித்தறிய முடியுமா என்பதே. அதற்காக வரியின் வடிவத்தை இறுக்கினோம். பொருள் முதலில் வர வேண்டும், அடுத்து எதில் கருத்து மோதியது என்பது, கடைசியில் முடிவு. ‘விவாதிக்கப்பட்டது’, ‘வலியுறுத்தப்பட்டது’, ‘முக்கியத்துவம்’ ஆகிய சொற்கள் வந்தால் அந்த வரி தானாகவே திருப்பி அனுப்பப்படும். பதினைந்து சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்றும் வைத்தோம்; கனமான அலுவல்களுக்கு இருபது வரை விட்டுக்கொடுத்தோம்.

வரைவுப் பிரிவு 15க்கு டிசம்பர் 6 அன்று நடந்த விவாதத்தை எடுத்துக்கொள்கிறேன். வரைவில் இருந்தது ‘சட்டம் வகுத்த நடைமுறையின்படி’ என்ற வாசகம். அது போதாது, அமெரிக்க அரசமைப்பில் இருப்பதைப் போல ‘முறையான சட்ட நடைமுறை’ வேண்டும் என்று காஜி சையது கரீமுதீன் திருத்தம் கொண்டுவந்தார். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் வரைவின் வாசகத்தின் பக்கம் நின்றார். இதற்கு மாதிரி எழுதிய வரி, ‘உயிர், தனிமனிதச் சுதந்திரம்: முறையான சட்ட நடைமுறை கோரிய திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டு, பிரிவு ஏற்கப்பட்டது’ என்று முடிந்தது. இது உண்மைதான், ஆனால் டிசம்பர் 13க்கு உண்மை. டிசம்பர் 6 அன்று முடிவே எடுக்கப்படவில்லை. பிரபலமான ஒரு விவாதத்தின் முடிவு மாதிரிக்கு வேறெங்கிருந்தோ தெரிந்திருக்கிறது. கையில் கொடுத்த உரையில் இல்லாததை அது அங்கிருந்து நிரப்பிவிட்டது.

இந்த வகைத் தவறு மிகவும் தொல்லை தருவது. மாதிரி அறியாத விவாதங்களில் அது உரையையே நம்பி இருப்பதால் வரி சரியாக வருகிறது. நாடறிந்த விவாதங்களில்தான் தடுமாறுகிறது. மாணவர்கள் முதலில் தேடுவதும் நாடறிந்த விவாதங்களைத்தான். 1948 டிசம்பர் 9 விவாதத்தை எடுத்துக்கொண்டால், வரைவுப் பிரிவு 25 இல்லாவிட்டால் இந்த அரசமைப்பே பயனற்றுவிடும், அதுவே அதன் ஆன்மாவும் இதயமும் என்று அம்பேத்கர் சொன்ன நாள் அது. அந்தப் பதிவுக்கு மாதிரி தந்த எண் 32. விடை சரி, ஆனால் உரையில் அந்த எண் பேசப்படவில்லை. ‘பேசப்பட்ட எண்’ என்ற புலத்தில் அதை எழுதினால் அந்தப் புலமே பொய்யாகிவிடும்.

இரண்டு கட்டுப்பாடுகள் இதைச் சரிசெய்தன. முடிவை மாதிரியிடம் கேட்பதையே நிறுத்தினோம். முடிவு, மேலே காட்டிய வாய்பாடுகளிலிருந்து மட்டுமே எடுக்கப்படும். உரையில் வாய்பாடு இல்லையென்றால் முடிவுப் புலத்தில் ‘முடிவில்லை’ என்று இருக்கும், மனிதக் கண் அதைப் பார்க்கும். மற்றொன்று, ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஆதாரமாக உரையிலிருந்து ஒரு தொடரை அப்படியே எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொடர் உண்மையில் உரையில் இருக்கிறதா என்று நிரல் சரிபார்த்தது.

```python
def norm(s):
    s = s.replace("-\n", "")
    return " ".join(s.split()).lower()

def supported(quote, text):
    return norm(quote) in norm(text)
```

ஆதாரம் கிடைக்காத குறிச்சொல் நீக்கப்படும். வருடிப் பெற்ற பக்கங்களில் வரி முடிவில் சொல் இணைகோட்டோடு உடைந்திருப்பதால் அந்தக் கோட்டை நீக்கி இரு துண்டுகளையும் முதலில் ஒட்ட வேண்டியிருக்கிறது. இதனால் 15-ஏ போன்ற எண் வரி முடிவில் உடைந்தால் கோடு போய்விடும் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்களை இந்தச் சோதனைக்கு முன்னதாகவே தனியே எடுத்துவிடுவது பாதுகாப்பானது.

முறையான சட்ட நடைமுறை பற்றிய வாதத்தின் மூன்று பதிவுகள் இப்போது இப்படி இருக்கின்றன. 1948 டிசம்பர் 6: ‘உயிர், தனிமனிதச் சுதந்திரம்: சட்டம் வகுத்த நடைமுறையா, முறையான சட்ட நடைமுறையா, முடிவு ஒத்திவைப்பு.’ டிசம்பர் 13: ‘உயிர், தனிமனிதச் சுதந்திரம்: இரு தரப்பையும் எடுத்துச் சொன்ன அம்பேத்கர், திருத்தங்கள் நிராகரிப்பு, பிரிவு ஏற்பு.’ 1949 செப்டம்பர் 15: ‘கைது, தடுப்புக் காவல்: டிசம்பரில் விட்டுப்போன பாதுகாப்பை ஈடுசெய்யும் புதிய பிரிவு 15-ஏ.’ இன்றைய எண் முதல் இரண்டுக்கும் 21, மூன்றாவதற்கு 22. ‘முறையான சட்ட நடைமுறை’ என்ற குறிச்சொல் மூன்றையும் சேர்த்துக் கட்டுகிறது. ஒன்பது மாத இடைவெளியில் சிதறிக் கிடந்த ஒரே வாதத்தை ஒரே திரையில் பார்க்க முடிந்தபோது, இந்த வேலை எதற்காக என்று எங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை.

குறிச்சொற்களைப் பொறுத்தவரை மாதிரியின் விருப்பத்துக்கு விட்டால், தீண்டாமை, தீண்டாமை ஒழிப்பு, சாதிப் பாகுபாடு, சமூக இழிவு என்று ஒரே பொருளுக்குப் பல சொற்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றில் பாதி ஒரே ஒரு பதிவில் மட்டும் இருக்கும். அதனால் பட்டியலை மூடிவிட்டோம். முதல் சுற்றில் பிறந்த சொற்களையெல்லாம் விரிதாளில் கொட்டி, மூன்று பேர் உட்கார்ந்து இருநூறுக்குள் சுருக்கினோம். பட்டியலில் இல்லாத சொல் வேண்டுமென்றால் மாதிரி அதைத் தனிப் புலத்தில் முன்மொழியலாம். வாரக் கடைசியில் நாங்கள் பார்த்துச் சேர்ப்போம் அல்லது விடுவோம்.

பேசியவர் பெயரிலும் கவனம் தேவைப்பட்டது. பதிவில் ‘துணைத் தலைவர்’ என்று மட்டும் இருக்கும் இடங்களில் ஆள் யார் என்பதை நாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1948 நவம்பர், டிசம்பரில் அவையை நடத்தியவர் எச். சி. முகர்ஜி. கிருஷ்ணமாச்சாரி இருவர், டி. டி.யும் வி. டி.யும். அய்யங்கார் என்றால் அனந்தசயனமா கோபாலசாமியா என்று பார்க்க வேண்டும். இதில் மாதிரியை நம்பாமல், உறுப்பினர் பட்டியலிலிருந்து கையாலேயே ஓர் அகராதி செய்தோம். அய்யங்கார் என்றும் ஐயங்கார் என்றும் தேடுவோர் இருப்பதால் இரு வடிவங்களும் அதில் உண்டு.

தமிழில் தேட வைத்தல்

வரிகள் ஆயத்தமான பிறகு அவற்றை எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடலில் ஏற்றினோம். நீதி என்று தேடியபோது நிதி ஆணையம், நிதி மசோதா எல்லாம் வந்து நின்றன. எழுத்துப் பிழையோ என்று வரிகளைத் திரும்பப் படித்தோம், பிழையில்லை. சொற்பட்டியலை எடுத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது.

```sql
CREATE VIRTUAL TABLE v USING fts5vocab(idx, row);
SELECT term FROM v LIMIT 40;
```

சொற்களுக்குப் பதில் ந, த, ப, ம என்று தனி எழுத்துகள் வரிசையாக நின்றன. இயல்பான அமைப்பில் unicode61 என்ற சொல்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் ‘குறி’ என்ற வேறு வகையில் இருப்பதால், அவற்றைச் சொல்லின் முடிவு என்று எடுத்துக்கொண்டு அங்கெல்லாம் வெட்டுகிறது. நீதியும் நிதியும் வெட்டுப்பட்டபின் ந, த என்று ஒன்றாகிவிடுகின்றன. அந்த வகைகளையும் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும்:

```sql
CREATE VIRTUAL TABLE idx USING fts5(
  line, tags, stems,
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
);
```

தமிழ் உரையை எஸ்கியூலைட்டில் ஏற்றும் யாரும் முதலில் அந்தச் சொற்பட்டியலைப் பார்ப்பது நல்லது. வெட்டுப்பட்ட நிலையிலும் தேடல் வேலை செய்வதைப் போலவே தோன்றும். தேடிய சொல் இருக்கும் பதிவு எப்படியும் வந்துவிடும். வரக் கூடாதது வந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘நீதிமன்றம்’ என்று தேடுபவருக்கு ‘நீதிமன்றத்தை அணுகும் உரிமை’ என்ற வரி கிடைக்காது. முழுமையான உருபனியல் பகுப்பாய்வைத் தேடிப் போகாமல் இரண்டு எளிய வழிகளைக் கையாண்டோம். குறிச்சொற்கள் எப்போதும் எழுவாய் வடிவில் மட்டும் இருக்கும். அவற்றோடு, ஒவ்வொன்றின் மாறாத முன்பகுதியை வேறொரு புலத்தில் வைத்து, தேடும் சொல்லின் கடைசி மகரமெய்யை நீக்கி, ‘நீதிமன்ற*’ என்று முன்னொட்டுத் தேடலாக மாற்றினோம். ‘வரி’ போன்ற குறுஞ்சொற்களுக்கு இது ஆகாது. ‘வரிசை’யும் சேர்ந்து வரும். ஆகவே நான்கு எழுத்துக்குக் குறைந்த சொற்களை முழுச் சொல்லாக மட்டுமே தேடும்படி வைத்திருக்கிறோம்.

சரிபார்த்ததும் அடுத்து செய்ய வேண்டியதும்

மாணவர்களிடமிருந்து, அவர்கள் உண்மையில் தேட நினைத்த நாற்பது கேள்விகளை எழுதி வாங்கினோம். குறிச்சொல்லைப் பார்க்காமல், அவர்கள் சொற்களிலேயே. ‘மதுவிலக்கு பற்றி யார் பேசினார்’, ‘கிராமப் பஞ்சாயத்து ஏன் முதலில் இல்லை’, ‘இந்தி விவாதத்தில் சென்னை உறுப்பினர்கள்’ என்ற வகையில் அவை இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவு வர வேண்டும் என்பதை வழக்கறிஞர் தொகுதிகளைப் புரட்டி முன்கூட்டியே குறித்துக் கொடுத்தார். பட்டியலில் எதை மாற்றினாலும் இந்த நாற்பதையும் ஓட்டி, முதல் ஐந்து முடிவுகளுக்குள் சரியான பதிவு வருகிறதா என்று பார்க்கிறோம். கடைசிக் கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. உறுப்பினரின் மாகாணம் உரையில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அதைத் தனிப் புலமாக எடுத்தால்தான் முடியும்.

மனித நேரம் என்று முன்பு சொன்னதை இங்கே விளக்குகிறேன். வரைவு வரியை உரையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரு சிறிய அலுவலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. திருத்தங்கள் நிறைந்த அலுவலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். எல்லாவற்றையும் ஒரே அளவுக் கவனத்தோடு பார்க்க எங்களால் முடியவில்லை. எனவே ‘முடிவில்லை’ என்று வந்தவை, ஆதாரம் தவறி மூன்றுக்கு மேல் குறிச்சொல் நீக்கப்பட்டவை, அடிப்படை உரிமைகள் பகுதியில் உள்ளவை ஆகியவற்றை முழுதாகப் படித்தோம். மற்றவற்றில் பத்தில் ஒன்றைப் படித்தோம். படித்துச் சரிபார்த்த பதிவுக்கும் படிக்காததற்கும் வேறு குறி இருக்கிறது. பயன்படுத்துபவர் அதைப் பார்த்து எடைபோடலாம்.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். எண் அட்டவணையும் உறுப்பினர் அகராதியும் முதலில். அடுத்து அந்த நாற்பது கேள்விகள். மாதிரியை இயக்குவது அதற்குப் பிறகே. அட்டவணை பின்னால் வந்ததால் முதலில் எடுத்த இரண்டு தொகுதிகளின் குறிச்சொற்களை முழுவதுமாக மறுபடி எழுத வேண்டியதாயிற்று. மாதிரிக்குக் கொடுக்கும் உரையிலிருந்து நாளையும் பேசுவோர் பெயரையும் மறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் எண்ணுகிறேன். எந்த விவாதம் என்று அடையாளம் கண்டுகொள்ளும் வாய்ப்பு குறைந்தால், வெளியிலிருந்து நிரப்புவதும் குறைகிறதா என்பது தெரியவரும்.

இப்போது மீதமிருப்பது 1947இன் கூறுகள். அவற்றை வரைவு எண்களோடு இணைக்கும் அட்டவணையில் அடிப்படை உரிமைகள் அறிக்கை மட்டும் முடிந்திருக்கிறது. பிரிவு 17 என்று தேடினால் 1948 நவம்பர் 29 விவாதத்தோடு 1947 ஏப்ரல் 29 விவாதமும் சேர்ந்து வருகிறது. மாகாண அறிக்கைக்கும் ஒன்றிய அறிக்கைக்கும் அதே வேலையை அடுத்து எடுக்கிறோம்.